கஞ்சிக்கோடு சைட் பைப்பிங்: பிக்யூஆர் சரிபார்ப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாளையார் தாண்டி கஞ்சிக்கோட்டில் பைப்பிங் வேலை பார்க்கும் தமிழ்ப் பையன்கள், குறிப்பாகக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்திலிருந்து க்யூசி வேலைக்குப் புதிதாக வந்தவர்கள், என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் எல்லாம் ஒரே ஒரு பிக்யூஆரை, அதாவது வெல்டிங் செயல்முறையின் தகுதிச் சோதனைப் பதிவைச் சுற்றித்தான் வரும். கோயம்புத்தூரில் கான்ட்ராக்டரின் ஷெட்டில் கூப்பன் என்ற சோதனைத் துண்டை வெல்டிங் அடித்து, அங்கேயே ஒரு லேபில் டெஸ்ட் செய்து, கஞ்சிக்கோடு சைட்டுக்கு அனுப்பிய காகிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூப்பன் 6 இஞ்ச் ஷெட்யூல் 80 பைப், கிரேடு எஸ்ஏ-106 பி, சுவர் கனம் 10.97 மி.மீ. ரூட் டிக் வெல்டிங், இஆர்70எஸ்-2 கம்பியில் 3 மி.மீ. அதன் மேல் இ7018 ராடில் ஆர்க் வெல்டிங் 8 மி.மீ. விதிகள் ஏ.எஸ்.எம்.இ. செக்‌ஷன் 9-இன்படி.

சார், பிக்யூஆர் கைக்கு வந்ததும் முதலில் எந்தப் பக்கத்தைப் பார்க்கணும்?

பிக்யூஆரை மூடி வைத்துவிட்டு லைன் லிஸ்ட்டை எடுங்கள். சைட்டில் என்னென்ன பைப், என்ன கனம், என்ன கிரேடு, பட் ஜாயிண்டா சாக்கெட்டா, வெல்டிங்குக்குப் பிறகு ஹீட் ட்ரீட்மெண்ட் உண்டா, குறைந்த வெப்பநிலை லைன் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நம் உதாரணத்தில் 10 இஞ்ச் ஷெட்யூல் 40 (9.27 மி.மீ.), 6 இஞ்ச் ஷெட்யூல் 80 (10.97), 3 இஞ்ச் ஷெட்யூல் 40 (5.49), 2 இஞ்ச் ஷெட்யூல் 80 (5.54), 2 இஞ்ச் ஷெட்யூல் 40 (3.91), அப்புறம் 1 இஞ்ச் ஷெட்யூல் 80 சாக்கெட் ஜாயிண்டுகள் (4.55) இருக்கின்றன.

பிக்யூஆர் என்பது ஒரு நாள், ஒரு கூப்பனில் நடந்ததைப் பதிந்த ஆவணம். சைட்டில் அதை வைத்து என்ன செய்யலாம் என்பதை டபிள்யூபிஎஸ் என்ற வெல்டிங் செயல்முறைக் குறிப்பு சொல்லும். டபிள்யூபிஎஸ்ஸில் எழுதியிருக்கும் வரம்பை அந்த ஒரு நாள் வெல்டிங் தாங்குகிறதா என்று பார்ப்பதுதான் நம் வேலை. பிக்யூஆரை மட்டும் தனியாகப் படித்தால் எல்லாமே சரியாகத்தான் தெரியும். லைன் லிஸ்ட்டோடு சேர்த்துப் படித்தால்தான் ஓட்டை தெரியும்.

கூப்பன் கிட்டத்தட்ட 11 மி.மீ. கனம். அப்ப அதைவிட மெல்லிசான 2 இஞ்ச் ஷெட்யூல் 40-க்குக் கண்டிப்பா செல்லும்தானே?

செல்லாது. இந்த ஒரு இடத்தில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள்.

செக்‌ஷன் 9-இன் கன அட்டவணை க்யூடபிள்யூ-451.1. கூப்பன் கனம் 1.5 முதல் 10 மி.மீ. வரை இருந்தால், தகுதி பெறும் பைப் கனம் 1.5 மி.மீ.-இல் தொடங்கி கூப்பன் கனத்தின் இரண்டு மடங்கு வரை போகும். கூப்பன் 10 மி.மீ.-ஐத் தாண்டிவிட்டால் மேல் வரம்பு அதே இரண்டு மடங்குதான் (19 மி.மீ.-க்கு மேல் போனாலும், 38 வரை அதேதான்), ஆனால் கீழ் வரம்பு 5 மி.மீ. ஆகிவிடும். நம் கூப்பன் 10.97. எனவே இது தாங்கும் வரம்பு 5 மி.மீ. முதல் 21.94 மி.மீ. வரை. 5.49-உம் 5.54-உம் மயிரிழையில் உள்ளே வருகின்றன. 3.91 வெளியே நிற்கிறது.

கான்ட்ராக்டர் தடித்த பைப்பை எடுத்தது "பெரிசா அடிச்சா சின்னது தானா அடங்கும்" என்ற நம்பிக்கையில்தான். அதே நாளில் 6 இஞ்ச் ஷெட்யூல் 40 பைப்பை, அதாவது 7.11 மி.மீ. கனத்தை எடுத்து அடித்திருந்தால் 1.5-இலிருந்து 14.22 வரை கிடைத்திருக்கும். லைன் லிஸ்ட்டில் இருக்கும் எல்லாப் பைப்பும் அதற்குள் அடங்கியிருக்கும், 10.97 உள்பட. கூப்பனை வெட்டும் முன்பே லைன் லிஸ்ட்டைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

1 இஞ்ச் சாக்கெட் ஜாயிண்டுக்குக் கவலை வேண்டாம். அது ஃபில்லெட் வெல்டு. க்ரூவ் வெல்டில் தேறிய பிக்யூஆர், ஃபில்லெட்டுக்கு எல்லாக் கனத்துக்கும் எல்லா அளவுக்கும் செல்லும். எனவே 4.55 மி.மீ. என்பது 5-க்குக் கீழே இருந்தாலும் அங்கே தடை இல்லை. பைப்பின் விட்டமும் இங்கே கணக்கில் வராது. விட்டத்துக்கு வரம்பு வைப்பது வெல்டரின் தகுதிச் சான்றிதழில். அது வேறு காகிதம்.

2 இஞ்ச் ஷெட்யூல் 80-ஐ ஆர்க் இல்லாம முழுக்க டிக்லயே முடிக்கிறாங்க. பிக்யூஆர்ல டிக் வெறும் 3 மி.மீ.தான் இருக்கு. ஒத்துக்கலாமா?

ஒத்துக்கொள்ளலாம், ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு. டிக், ஆர்க் என இரண்டு வெல்டிங் முறைகளைக் கலந்து அடித்த கூப்பனில் ஒவ்வொரு முறையிலும் போட்ட வெல்டு மெட்டலின் கனத்தைத் தனித்தனியாக எடுக்க வேண்டும். டிக் 3 மி.மீ. என்றால் டிக்கில் 6 மி.மீ. வரை போடலாம். ஆர்க் 8 மி.மீ. என்றால் 16 வரை. 2 இஞ்ச் ஷெட்யூல் 80-இன் கனம் 5.54, அது 6-க்குள் இருக்கிறது, பைப் கனமாக 5-க்கு மேலும் இருக்கிறது. இரண்டு சோதனையிலும் தேறுகிறது. கலப்புக் கூப்பனில் அடித்த ஒரு முறையை மட்டும் தனியாகப் பயன்படுத்த செக்‌ஷன் 9 அனுமதிக்கிறது.

இதே வாதத்தை 4 இஞ்ச் ஷெட்யூல் 40-க்கு (6.02 மி.மீ.) கொண்டுபோனால் உடைந்துவிடும். மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்குதான் அதிகம், ஆனாலும் வரம்புக்கு வெளியேதான். அதனால் பிக்யூஆரில் "டிக் + ஆர்க், மொத்தம் 11 மி.மீ." என்று மொட்டையாக எழுதியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். எந்த முறை எத்தனை மி.மீ. என்று பிரித்து எழுதாத பிக்யூஆரில் இந்தக் கணக்கையே போட முடியாது.

எதை மாத்தினா புதுசா டெஸ்ட் செய்யணும், எதை மாத்தினா டபிள்யூபிஎஸ்ல எழுதினா போதும்?

எசென்ஷியல் வேரியபிளில் வரம்பு மீறினால் புது கூப்பன், புது டெஸ்ட். நான்-எசென்ஷியல் என்றால் டபிள்யூபிஎஸ்ஸைத் திருத்தினால் போதும். நம் பிக்யூஆரில் சைட்டுக்கு அடிக்கடி தகராறு தருபவை மூன்று.

முதலாவது ஃபில்லர். இஆர்70எஸ்-2, இஆர்70எஸ்-6 இரண்டும் எஃப்-நம்பர் 6. வெல்டு மெட்டல் வகையும் ஒன்றே, ஏ-நம்பர் 1. இம்பாக்ட் டெஸ்ட் தேவைப்படாத லைனில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போடலாம். இ7018 எஃப்-4. சைட்டில் யாராவது ரூட்டுக்கு இ6010 போடலாமா என்று கேட்டால், அது எஃப்-3. இந்த பிக்யூஆர் அதைத் தாங்காது. ராடின் கம்பெனிப் பெயர் மாறினால் பிரச்சினை இல்லை.

இரண்டாவது கேஸ். டிக்கில் சுத்த ஆர்கானில் அடித்த கூப்பனை வைத்துக்கொண்டு வேறு கேஸுக்கோ கலவைக்கோ போக முடியாது. கேஸ் ஓடும் அளவு நான்-எசென்ஷியல்.

மூன்றாவது பிடபிள்யூஹெச்டி, அதாவது வெல்டிங்குக்குப் பிறகு செய்யும் ஹீட் ட்ரீட்மெண்ட். பிடபிள்யூஹெச்டி இல்லாமல் அடித்த பிக்யூஆர், பிடபிள்யூஹெச்டி உள்ள ஜாயிண்டுக்குச் செல்லாது; எதிர்ப்பக்கமும் அப்படித்தான்.

ரூட் கேப், பெவல் கோணம், டங்ஸ்டன் அளவு இவையெல்லாம் நான்-எசென்ஷியல். இவற்றுக்காக பிக்யூஆரைத் திருப்பி அனுப்பாதீர்கள். டபிள்யூபிஎஸ்ஸில் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ப்ரீஹீட் கட்டத்தில் 120 டிகிரின்னு இருக்கு. கார்பன் ஸ்டீல்தானே, டபிள்யூபிஎஸ்ல 10 டிகிரி போட்டிருக்காங்க. சரியா?

சரியில்லை. கூப்பனில் பதிந்த ப்ரீஹீட்டிலிருந்து 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் குறைத்தால் எசென்ஷியல் வேரியபிள் மீறல். 120-இலிருந்து 55 போக 65. எனவே டபிள்யூபிஎஸ்ஸில் குறைந்தபட்ச ப்ரீஹீட் 65-க்குக் கீழே இருக்கக் கூடாது.

இது எப்படி நேர்கிறது என்றால், ஷெட்டில் ஈரம் போகட்டும் என்று டார்ச் காட்டிச் சூடேற்றிவிட்டு, அந்தச் சூட்டையே ப்ரீஹீட் என்று பதிந்துவிடுகிறார்கள். அதன் பலனை சைட்டில் ஒவ்வொரு ஜாயிண்டிலும் அனுபவிக்க வேண்டியிருக்கிறது. 65 டிகிரி என்று எழுதிவிட்டால் ஒவ்வொரு ஜாயிண்டையும் சூடேற்றி, வெப்பநிலையை அளந்து, பதிய வேண்டும். கான்ட்ராக்டர் அதைச் செய்வாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். செய்ய முடியாது என்றால், சூடேற்றாமல் இன்னொரு கூப்பன் அடிப்பதுதான் மலிவு.

கூப்பனை 1ஜி பொசிஷன்ல உருட்டி அடிச்சிருக்காங்க. நம்ம ஜாயிண்ட் எல்லாம் அந்தரத்துல, 5ஜி, 6ஜி. பிக்யூஆர் செல்லுமா?

இம்பாக்ட் டெஸ்ட் கேட்காத வேலையில் செல்லும். பொசிஷன் டிக்குக்கும் ஆர்க்குக்கும் செயல்முறைத் தகுதியில் நான்-எசென்ஷியல். ஆனால் வெல்டருக்கு அது எசென்ஷியல். 1ஜி-யில் தேறிய வெல்டரை 5ஜி ஜாயிண்டில் நிறுத்த முடியாது. இரண்டையும் குழப்பி பிக்யூஆரை நிராகரித்த கடிதங்களைப் பார்த்திருக்கிறேன். இம்பாக்ட் டெஸ்ட் தேவைப்படும்போது கதை மாறும்: அங்கே கீழிருந்து மேலே ஏற்றி அடிக்கும் வெர்டிகல் பொசிஷனுக்கு மாறுவது துணை எசென்ஷியல் வேரியபிள்.

டென்சைல் ரிப்போர்ட்ல ஒரு பீஸ் 403 எம்பிஏ. எஸ்ஏ-106 பி-க்கு 415 வேணும். ஃபெயில்தானே?

அது எங்கே உடைந்தது என்று பாருங்கள். விதி இப்படி: டென்சைல் வலிமை பேஸ் மெட்டலுக்குச் சொன்ன குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகக் கூடாது. ஆனால் பீஸ் வெல்டுக்கும் அதன் ஃப்யூஷன் கோட்டுக்கும் வெளியே, பேஸ் மெட்டலில் உடைந்திருந்தால் அந்தக் குறைந்தபட்சத்துக்கு 5 சதவீதம் கீழே வரை ஏற்கலாம். 415-இல் 5 சதவீதம் போக 394.25. எனவே பேஸ் மெட்டலில் உடைந்த 403 தேறும். வெல்டில் உடைந்த 403 தேறாது. உடைந்த இடம் எழுதாத ரிப்போர்ட்டில் 403 இருந்தால் அதை ஏற்கவே முடியாது.

அதோடு நிறுத்தாதீர்கள். எண்களை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். முதல் பீஸின் அகலம் 19.1, கனம் 10.2 மி.மீ.; பரப்பு 194.82. உடைத்த விசை 91.6 கிலோ நியூட்டன். 91,600-ஐ 194.82-ஆல் வகுத்தால் 470. இரண்டாவது பீஸ் 19.0-க்கு 10.1, பரப்பு 191.9; விசை 77.4 கிலோ நியூட்டன், வகுத்தால் 403. கணக்கு சரி.

இப்போது மில் சர்டிபிகேட்டை எடுங்கள். ஒரே பைப்பிலிருந்து வெட்டிய இரண்டு பீஸில் ஒன்று 470, மற்றது பேஸ் மெட்டலிலேயே 403-இல் உடைந்தது. மில் சர்டிபிகேட்டில் 475 என்று இருந்தால், விதிப்படி பாஸ் ஆனாலும் எனக்கு 403 இடிக்கும். அளவெடுத்ததில் தவறா, மெஷின் செய்யும்போது பள்ளம் விழுந்ததா, வேறு பைப்பின் பீஸ் கலந்துவிட்டதா என்று லேபிடம் எழுத்தில் கேட்பேன். உடைந்த துண்டுகளை லேப் வைத்திருந்தால் நேரில் போய்ப் பாருங்கள். கோயம்புத்தூர் நமக்கு ஒரு மணி நேரத் தொலைவுதான்.

பெண்ட் டெஸ்ட்ல ஓரத்துல 4 மி.மீ. கிராக். லேப் "பாஸ்"னு போட்டிருக்கு. எப்படி?

வெல்டிலோ வெப்பம் பட்ட பகுதியிலோ, வளைந்த வெளிப்பக்கத்தில் எந்தத் திசையில் அளந்தாலும் 3 மி.மீ.-க்கு மேல் திறந்த குறை இருக்கக் கூடாது என்பது விதி. பீஸின் மூலையில், விளிம்பில் வரும் கிராக்கைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்குக்கும் ஒரு நிபந்தனை: கிராக் ஸ்லாகிலிருந்தோ, ஃப்யூஷன் ஆகாத இடத்திலிருந்தோ, உள்ளே இருந்த வேறு குறையிலிருந்தோ கிளம்பியதாகத் தெரியக் கூடாது. எனவே "மூலைக் கிராக், 4 மி.மீ., உள்குறை எதுவும் தெரியவில்லை" என்று லேப் எழுதியிருந்தால் பாஸ் சரி. வெறும் "பாஸ்" போதாது.

எண்ணிக்கையையும் பாருங்கள். நம் கனத்துக்கு இரண்டு டென்சைல், அதோடு இரண்டு ஃபேஸ் பெண்டும் இரண்டு ரூட் பெண்டும். அல்லது அந்த நான்குக்குப் பதில் நான்கு சைட் பெண்ட். வளைத்த உருளையின் விட்டம் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். 10 மி.மீ. பீஸுக்கு இந்த கிரேடில் அது பீஸ் கனத்தின் நான்கு மடங்கு, அதாவது 40 மி.மீ. 60 மி.மீ. உருளையில் வளைத்தால் வெளிப்பக்கம் அவ்வளவு நீளாது, மோசமான வெல்டும் தப்பித்துவிடும்.

கலப்பு முறைக்கு இன்னொன்று உண்டு. டிக் போட்ட பகுதியும் ஆர்க் போட்ட பகுதியும் டென்சைல், பெண்ட் இரண்டு வகை பீஸிலும் இருந்தாக வேண்டும். டென்சைல் பீஸைச் சமப்படுத்துகிறேன் என்று 10.97-ஐ 7 மி.மீ. வரை கடைந்திருந்தால் 3 மி.மீ. டிக் ரூட் சீவலாகப் போயிருக்கும். அந்த பீஸ் டிக்கைச் சோதிக்கவே இல்லை. ரிப்போர்ட்டில் உள்ள பீஸ் கனத்தைக் கூப்பன் கனத்தோடு ஒப்பிட்டால் இது உடனே தெரிந்துவிடும். நம் உதாரணத்தில் 10.2, 10.1, கவலையில்லை.

கூப்பனுக்கு ரேடியோகிராஃபி ரிப்போர்ட் இல்லையே, திருப்பி அனுப்பலாமா?

செக்‌ஷன் 9 செயல்முறைத் தகுதிக்கு அதைக் கேட்பதில்லை. ஒப்பந்தம் கேட்டால் மட்டும் கேளுங்கள்.

காகிதம் எல்லாம் அச்சு அசலா இருக்கு. உண்மையிலேயே அடிச்சாங்களான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பிக்யூஆரில் உள்ள ஹீட் நம்பர், மில் சர்டிபிகேட்டில் உள்ள ஹீட் நம்பர், லேப் ரிப்போர்ட்டில் உள்ள கூப்பன் அடையாளம், இந்த மூன்றும் ஒரே சங்கிலியாக இணைய வேண்டும். வெல்டிங் தேதிக்கு முன்னால் டெஸ்ட் தேதி வரக் கூடாது. லேபின் இழுவை மெஷின் அளவுத்திருத்தச் சான்று அந்தத் தேதியில் நடப்பில் இருக்க வேண்டும்.

அப்புறம் பாஸ் வாரியான, அதாவது ஒவ்வொரு வெல்டு ஓட்டத்துக்குமான பதிவு. ரூட்டிலிருந்து கடைசி மேல் அடுக்கு வரை ஒவ்வொரு பாஸிலும் அதே ஆம்பியர், அதே வோல்டேஜ், அதே வேகம் என்றால் யாரும் மீட்டரைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். கையால் அடிக்கும் வெல்டில் அப்படி வராது. 3.15 மி.மீ. இ7018-க்கு 180 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் அதை நம்பாதீர்கள். அந்த ராடு அதைத் தாங்காது.

சைட்டில் நம்மிடம் மலையாளமும் தமிழும் கலந்துதான் ஓடும், காகிதம் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும். கூப்பன் அடித்த வெல்டர் சைட்டிலேயே இருந்தால் அவரிடம் பேசிப் பாருங்கள்: "அண்ணா, எத்தனை பாஸ்ல முடிச்சீங்க? டார்ச் காட்டினீங்களா?" அடித்தவருக்குப் பதில் தெரியும்.

அமோனியா லைன் மாதிரி குளிர் லைன் வந்தா இதே பிக்யூஆர் போதுமா?

போதாது. அங்கே இம்பாக்ட் டெஸ்ட் வரும், அதோடு துணை எசென்ஷியல் வேரியபிள்கள் எல்லாம் உயிர்பெறும். ஏ333 கிரேடு 6 பைப்பை மைனஸ் 45 டிகிரியில் சோதிப்பது வழக்கம்; முழு அளவு பீஸ் மூன்றின் சராசரி 18 ஜூல், தனி பீஸ் 14 ஜூலுக்குக் குறையக் கூடாது. வெல்டிலும் வெப்பம் பட்ட பகுதியிலும் தனித்தனி செட் இருக்கிறதா என்று பாருங்கள். கீழ்க் கன வரம்பும் இறுகிவிடும்: கூப்பன் கனம் அல்லது 16 மி.மீ., இதில் எது குறைவோ அது. 10.97 கூப்பன் என்றால் அதைவிட மெல்லிய பைப்புக்கே செல்லாது.

ஹீட் இன்புட்டும் கூடக் கூடாது. பதிவு 24 வோல்ட், 120 ஆம்பியர், நிமிடத்துக்கு 100 மி.மீ. என்றால், 24 × 120 × 60 ÷ 100 = மி.மீ.-க்கு 1,728 ஜூல். சைட்டில் வெல்டர் நிதானமாக 80 மி.மீ. வேகத்தில் போனால் 2,160. ஆம்பியர் மாறவில்லை, வரம்பு மீறிவிட்டது.

பி-நம்பரைத் தப்பா டைப் பண்ணிட்டோம், திருத்தித் தர்றோம்னு சொல்றாங்க. ஏத்துக்கலாமா?

பி-நம்பர், எஃப்-நம்பர், ஏ-நம்பர் போன்ற எழுத்துப் பிழையைத் திருத்தலாம். தேதி போட்டு மறுபடியும் கையெழுத்திட வேண்டும். ப்ரீஹீட் 120-ஐ "உண்மையில் 30தான்" என்று மாற்றுவது எழுத்துப் பிழை ஆகாது. அன்று நடந்ததைப் பதிந்த காகிதம் அது. அந்த நாளின் மூலக் குறிப்பு ஏதாவது காட்டினால் ஒழிய நான் தொடமாட்டேன்.

வேற கம்பெனியோட பிக்யூஆரைக் கொண்டுவந்து காட்டலாமா?

பொதுவாகக் கூடாது. கூப்பனை வெல்டு செய்தது வேலையை எடுத்த நிறுவனத்தின் முழு மேற்பார்வையில் இருக்க வேண்டும். பீஸ் வெட்டுவதையும் டெஸ்ட்டையும் வெளியே கொடுக்கலாம், வெல்டிங்கைக் கொடுக்க முடியாது. பைப்பிங் கோடு பி31.3 சில நிபந்தனைகளோடு உரிமையாளரின் ஒப்புதலில் விலக்கு தருகிறது. அந்த ஒப்புதல் எழுத்தில் இருக்க வேண்டும். நீராவி லைன் இந்திய பாய்லர் விதிகளான ஐபிஆருக்குள் வந்தால், இதற்கு மேல் பாய்லர் ஆய்வாளரின் ஒப்புதலும் தேவை.

கடைசியா, இந்த பிக்யூஆருக்கு என்ன கமெண்ட் எழுதி அனுப்பறது?

"நிராகரிக்கப்பட்டது" என்று ஒற்றை வரியில் எழுதாதீர்கள். நான் இப்படி எழுதுவேன்: பைப் கனம் 5 முதல் 21.94 மி.மீ. வரை ஏற்கப்படுகிறது, டிக் 6 மி.மீ. வரை, ஆர்க் 16 மி.மீ. வரை. 2 இஞ்ச் ஷெட்யூல் 40 பட் ஜாயிண்டுகளுக்குச் செல்லாது; 10 மி.மீ.-க்கு மிகாத கூப்பனில் தனி பிக்யூஆர் தரவும். டபிள்யூபிஎஸ் ப்ரீஹீட்டை 65 டிகிரிக்கு உயர்த்தவும். இரண்டாவது டென்சைல் பீஸ் உடைந்த இடத்தை லேப் எழுத்தில் உறுதிசெய்யவும். அது வரும் வரை ஒப்புதல் நிலுவையில்.

கூடவே ஒரு வரி சைட் இன்ஜினியருக்கு. பாலக்காட்டுக் கணவாயில் தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் டிக் டார்ச்சின் ஆர்கான் நிற்காது. ஷெட்டுக்குள் அடித்த கூப்பனில் காற்று என்று ஒரு கட்டமே கிடையாது; எந்த பிக்யூஆரும் அதைச் சொல்லாது. ஜாயிண்டைச் சுற்றித் தார்ப்பாய் மறைப்பு கட்டாமல் ரூட் தொடங்க வேண்டாம் என்று டபிள்யூபிஎஸ்ஸிலேயே எழுதச் சொல்லுங்கள். பைப்பின் இரண்டு முனையையும் மூடச் சொல்லவும் மறக்காதீர்கள். காற்று உள்ளே புகுந்தும் ரூட்டைக் கெடுக்கும்.